ஐடிஇ டிஸ்க்கும் புதுக் கணினியும்: எந்த அடாப்டர் வாங்கலாம்?

2000களில் வாங்கிய கணினி எப்போதோ எடைக்குப் போயிருக்கும். அதிலிருந்து கழற்றிய ஹார்டு டிஸ்க்கை மட்டும், உள்ளே படங்கள் இருக்கின்றன என்று அலமாரியில் போட்டு வைத்திருப்பார்கள். இன்றைய லேப்டாப்பில் அதை மாட்ட இடமே இல்லை. 2003 வாக்கில் சாட்டா என்ற மெல்லிய கேபிள் கடைக்கு வந்தது. 2006இல் இன்டெல் தன் டெஸ்க்டாப் சிப்செட்டிலிருந்து ஐடிஇயை எடுத்துவிட்டது. மதர்போர்டு தயாரிப்பாளர்கள் தனிச் சிப் வைத்துச் சில வருடம் ஒப்பேற்றினார்கள். அதுவும் பிறகு நின்றுபோனது.

டிஸ்க் நன்றாக இருந்தால் அதிலுள்ளதை எடுப்பது கஷ்டமில்லை. மாட்டியும் வேலை செய்யாத டிஸ்க்குகளில் பல உண்மையில் கெட்டவை அல்ல. போதிய மின்சாரம் கிடைக்காதவை, அல்லது ஜம்பர் தவறாக இருப்பவை.

முதலில் டிஸ்க்கின் பின்புறத்தைப் பாருங்கள். டெஸ்க்டாப்பில் இருந்தது என்றால் மூன்றரை அங்குலம். இரண்டு வரிசையாக 40 ஊசிகளுக்கான இடம், பக்கத்தில் தனியாக நான்கு தடித்த ஊசிகள் கொண்ட மின் இணைப்பு இருக்கும். அந்த மின் இணைப்புக்குக் கடைகளில் மோலெக்ஸ் என்று பெயர். லேப்டாப் டிஸ்க் இரண்டரை அங்குலம். நெருக்கமான 44 ஊசிகள், மின்சாரமும் அவற்றின் வழியே போய்விடும். அதற்கு 5 வோல்ட் போதும். பெரிய டிஸ்க்கின் மோட்டார் சுழல 12 வோல்ட் வேண்டும், அதை யுஎஸ்பி துளை தராது. அடாப்டர் தேர்வில் பாதிக் குழப்பம் இங்கேதான்.

வீட்டுக்குப் பொருத்தமானது யுஎஸ்பி அடாப்டர். உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் கட்டியின் ஒரு பக்கம் 40 ஊசிக்கும், மறுபக்கம் 44 ஊசிக்கும், இன்னொரு பக்கம் சாட்டாவுக்கும் பொருந்தும். கூடவே 12 வோல்ட், 5 வோல்ட் இரண்டும் தரும் மின் அடாப்டரும், அதன் முனையில் மோலெக்ஸும் வர வேண்டும். மலிவு விலைக்குக் கிடைக்கும் சிலவற்றில் இந்த மின் அடாப்டர் இருக்காது. அவை லேப்டாப் டிஸ்க்குக்கு மட்டும் பயன்படும்.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வழிகள் உண்டு. ஐடிஇ டிஸ்க்கின் முதுகில் செருகி, சாட்டா கேபிளால் மதர்போர்டுடன் இணைக்கும் சின்னப் பலகை ஒன்று. இதில் திசை முக்கியம். பழைய டிஸ்க்கைப் புதுப் போர்டில் மாட்டும் பலகையும், புது டிஸ்க்கைப் பழைய போர்டில் மாட்டும் பலகையும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் பலவற்றில் ஒரு திசை மட்டும்தான் ஓடும். மற்றொன்று, பிசிஐ எக்ஸ்பிரஸ் துளையில் செருகும் ஐடிஇ கார்டு. அடிக்கடி பழைய டிஸ்க்குகளோடு வேலை செய்கிறவருக்குச் சரி; ஒரு டிஸ்க்குக்காக வாங்கத் தேவையில்லை.

80 ஜிபி சீகேட் டெஸ்க்டாப் டிஸ்க் ஒன்றை யுஎஸ்பி அடாப்டரில் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். ஐடிஇ கேபிள் ஒன்றில் இரண்டு டிஸ்க் மாட்டலாம் என்பதால், மாஸ்டர் எது, ஸ்லேவ் எது என்று சொல்ல டிஸ்க்கின் பின்னால் ஜம்பர் என்ற குட்டித் தொப்பி இருக்கும். அடாப்டரில் தனியாக நிற்கும் டிஸ்க் மாஸ்டராக இருக்க வேண்டும். ஜம்பரை எங்கே போட வேண்டும் என்ற படம் டிஸ்க்கின் லேபிளிலேயே பெரும்பாலும் அச்சாகியிருக்கும். சீகேட்டில் ஜம்பரைக் கழற்றினால் ஸ்லேவ் ஆகிவிடும். வெஸ்டர்ன் டிஜிட்டலில் நேர்மாறு: தனி டிஸ்க்குக்கு ஜம்பரையே எடுத்துவிட வேண்டும்.

அடுத்து அடாப்டரை ஊசிகளில் செருகுங்கள். 40 ஊசிகளில் நடுவில் ஒன்று இருக்காது. அடாப்டரில் அந்தத் துளை அடைத்திருந்தால் தலைகீழாகப் போகாது. மோலெக்ஸின் இரு மூலைகள் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். அந்தச் சாய்வைப் பார்த்துச் செருகுங்கள். தளர்வான முனைகளை அழுத்தித் தலைகீழாகத் திணிக்க முடியும். அப்படித் திணித்தால் 5 வோல்ட் இடத்தில் 12 வோல்ட் பாய்ந்து டிஸ்க்கின் சர்க்யூட் எரிந்துவிடும். எல்லாம் மாட்டிய பிறகு மின்சாரத்தைப் போடுங்கள், டிஸ்க் சுழலும் சத்தம் சீராகட்டும், கடைசியாக யுஎஸ்பியைச் செருகுங்கள்.

இனி காதால் கேட்க வேண்டியதுதான். சுழல ஆரம்பித்து, நின்று, மறுபடி ஆரம்பித்தால், அல்லது விண்டோஸ் இணைந்த ஒலியும் பிரிந்த ஒலியும் மாறி மாறிக் கொடுத்தால், முதலில் மின் அடாப்டரைச் சந்தேகப்படுங்கள். டிஸ்க் கிளம்பும் நொடியில் 12 வோல்ட்டில் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். சாதாரண அடாப்டர்களின் முழு வலுவே அவ்வளவுதான். வேறு மின் அடாப்டரில் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். நல்ல மின்சாரத்திலும் டக் டக் என்று ஒரே தாளத்தில் அடித்தால் உள்ளே தலைப்பகுதி பழுது. உடனே அணையுங்கள். அதில் விலைமதிப்பற்ற படங்கள் இருந்தால் தரவு மீட்பவரிடம்தான் போக வேண்டும்.

சத்தம் சீராக இருந்தும் டிரைவ் எழுத்து வரவில்லையா? விண்டோஸில் `diskmgmt.msc` திறந்து பாருங்கள். 80 ஜிபி டிஸ்க் அங்கே சுமார் 74 ஜிபி என்று தெரியும், அது கணக்கிடும் முறையின் வித்தியாசம். டிரைவ் எழுத்து மட்டும் இல்லையென்றால் அங்கேயே கொடுத்துவிடலாம். ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் மட்டும் ஒருபோதும் சம்மதிக்காதீர்கள்.

எக்ஸ்பி காலத்துப் படங்கள் `Users` ஃபோல்டரில் இருக்காது. `Documents and Settings` உள்ளே, அன்றைய பயனர் பெயரில் தேடுங்கள். அனுமதி இல்லை என்று விண்டோஸ் தடுத்தால் `Continue` அழுத்திக் காத்திருந்தால் பொதுவாகத் திறந்துவிடும். யுஎஸ்பி 2.0 அடாப்டரில் நொடிக்கு 30 எம்பி அளவில்தான் வரும். முழு 80 ஜிபிக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன கோப்புகள் இருந்தால் இன்னும் அதிகம்.

நடுவில் சில கோப்புகளில் வந்து நின்று நின்று போனால், திரும்பத் திரும்ப நகலெடுத்து டிஸ்க்கை வதைக்காதீர்கள். லினக்ஸ் தெரிந்தவர் யாராவது இருந்தால், முதலில் படிக்க முடிந்ததை எல்லாம் ஒரே கோப்பாக எடுத்துவிடச் சொல்லுங்கள்:

```
sudo ddrescue -d -n /dev/sdX old.img old.map
```

`sdX` இடத்தில் பழைய டிஸ்க்கின் சரியான பெயர் வர வேண்டும். `lsblk` காட்டும் அளவை வைத்து உறுதிசெய்துகொள்ளலாம்.

டிவிடி ரைட்டர் விஷயம் வேறு. டெஸ்க்டாப் ஐடிஇ ரைட்டரையும் அதே யுஎஸ்பி அடாப்டரில் மாட்டலாம். ஜம்பர் மாஸ்டர், மோலெக்ஸ் மின்சாரம் எல்லாம் அதேதான். 16 மடங்கு வேகத்தில் டிவிடிக்கு நொடிக்கு 22 எம்பி போதும், யுஎஸ்பி 2.0 அதைத் தாங்கும். ஆனால் ஹார்டு டிஸ்க்கோடு மட்டும் பேசத் தெரிந்த அடாப்டர்களும் உண்டு. பழைய லேப்டாப்பின் மெல்லிய ரைட்டரில் 50 ஊசிகள் கொண்ட வேறு இணைப்பு இருக்கும், அதற்குத் தனி அடாப்டர் வேண்டும். இவ்வளவு சிரமத்துக்கு யுஎஸ்பியிலேயே நேராகச் செருகும் புது டிவிடி ரைட்டரை வாங்கிவிடுவது நல்லது என்பதே என் கருத்து. ஒரு விதிவிலக்கு: அன்று வீட்டில் எழுதிய டிஸ்க்கைப் புது டிரைவ் படிக்க மறுத்து, எழுதிய பழைய டிரைவ் படித்துவிடுவதுண்டு. அப்போது மட்டும் பழையதற்கு அடாப்டர் தேடுங்கள்.

கடைக்குப் போகும்போது டிஸ்க்கையே கையோடு கொண்டு போங்கள். சென்னை ரிச்சி தெருவில் ஆனாலும் ஊர்க் கடையில் ஆனாலும், ஊசிகளைக் காட்டி, பெட்டிக்குள் மோலெக்ஸ் வைத்த மின் அடாப்டர் இருக்கிறதா என்று திறந்து பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.