22 இஞ்ச் இருக்கிறது, 23 இருக்க வேண்டும்

"சட்டை சின்னதாக இருக்கிறது, மாற்றித் தரவும்." இணையத்தில் சட்டை வாங்கி, அளவு சரியில்லாமல் போனால், பலர் கடைக்கு இவ்வளவுதான் எழுதுகிறார்கள். படிக்கும் கடை ஊழியருக்கு இதிலிருந்து எதுவும் தெரியாது. கேட்ட சைஸுக்குப் பதில் வேறு சைஸை அனுப்பிவிட்டார்களா? சரியான சைஸ் போயும் சட்டை அளவு தவறித் தைக்கப்பட்டிருக்கிறதா? சட்டை சரியாகவே இருந்து, வாங்கியவருக்குத்தான் அந்த சைஸ் பொருந்தவில்லையா? மூன்றுக்கும் பதில் வேறு. தெரியாத நிலையில் அவர் தன் வசதிக்கு ஒன்றை எண்ணிக்கொள்வார். பெரும்பாலும் மூன்றாவதை.

முதல் வகை எளிது. கேட்டது 42, காலரில் உள்ள லேபிள் 40 என்றால், லேபிளின் படமும் ஆர்டர் எண்ணும் போதும். மூன்றாவது வகையில் தவறு யார் மேலும் இல்லை. மாற்றித் தருவது கடை வைத்திருக்கும் நிபந்தனையைப் பொறுத்தது. சிக்கல் இரண்டாவதில்தான். லேபிள் 42 என்கிறது, சட்டை 42 இல்லை. இதை வாயால் சொல்லி நிரூபிக்க முடியாது. டேப் எடுக்க வேண்டும்.

அளப்பதற்கு முன் 42 என்பது எதன் அளவு என்று பார்க்க வேண்டும். சில கம்பெனிகள் மார்புச் சுற்றை இஞ்சில் எண்ணி 38, 40, 42 என்று போடுகின்றன. சில ஃபார்மல் சட்டைகளில் அதே எண் காலர் சுற்றைச் சென்டிமீட்டரில் குறிக்கும். 40 சென்டிமீட்டர் காலர் என்றால் ஏறக்குறைய 15¾ இஞ்ச். மார்பளவு என்றாலும் அது உடம்பின் அளவா, சட்டையின் அளவா என்ற கேள்வி மிஞ்சுகிறது. 42 இஞ்ச் மார்புள்ளவர் போடும் சட்டையைத் தையற்காரர் 42-க்குத் தைக்க மாட்டார். மூச்சு விடவும் கையை நீட்டவும் லூஸ் விட்டு, 45, 46 இஞ்சுக்குத் தைப்பார். அதனால் "என் மார்பு 42, சட்டை 44 இருக்கிறது" என்று எழுதினால், சட்டை பெரிதாக இருக்கிறது என்றே கடைக்காரர் படிப்பார். மின்னஞ்சலில் உடம்பளவு தேவையில்லை. சட்டையின் அளவை, கடையின் சைஸ் சார்ட்டில் உள்ள சட்டை அளவோடு வைத்துக் காட்ட வேண்டும். சார்ட்டில் உடம்பளவு மட்டும் இருந்தால், "இந்த சைஸில் தைத்த சட்டையின் மார்புச் சுற்று எத்தனை இஞ்ச்?" என்று முதலில் கேட்டு வாங்க வேண்டும்.

அளக்கும்போது சட்டையை மேசை மேலோ தரையிலோ விரித்து, எல்லாப் பட்டனையும் போட்டு, சுருக்கத்தைக் கையால் தடவி நீக்க வேண்டும். இழுக்கக் கூடாது. மெத்தை மேல் வைத்தால் துணி பள்ளத்தில் இறங்கி அளவு மாறும். அக்குள் தையலுக்கு ஒரு இஞ்ச் கீழே, இந்தப் பக்கத் தையலிலிருந்து அந்தப் பக்கத் தையல் வரை நேராக டேப்பை வைத்தால் வருவது பாதி மார்பு. இரட்டித்தால் முழுச் சுற்று. தோளைப் பின்பக்கம் அளக்க வேண்டும். ஒரு கை இணையும் தையலிலிருந்து மறு கை இணையும் தையல் வரை. கை நீளம் அந்தத் தோள் தையலிலிருந்து கஃப் முடியும் வரை. சில வெளிநாட்டுக் கம்பெனிகள் கை நீளத்தைப் பின்கழுத்தின் நடுவிலிருந்து கணக்கிடுவதால், சார்ட்டில் 34, 35 என்று பார்த்தால் மிரள வேண்டாம், நீங்களும் அங்கிருந்தே அளந்துகொள்ளுங்கள். சட்டை நீளத்திலும் இரண்டு வழக்கம் உண்டு. காலர் ஓரத்துத் தோள் உச்சியிலிருந்து அளப்பவர்களும் இருக்கிறார்கள், பின்காலர் தையலிலிருந்து அளப்பவர்களும் இருக்கிறார்கள். எங்கிருந்து அளந்தீர்கள் என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தக் குழப்பம் கடைக்கு வராது.

டேப்பையும் கவனிக்க வேண்டும். பல வருடம் புழங்கிய டேப் நீண்டிருக்கும். பள்ளிக்கூட ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து 12 இஞ்ச் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். அளந்து முடியும் வரை சட்டையைத் துவைக்கவோ டேக்கைப் பிய்க்கவோ கூடாது. பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கக்கூடும் என்பதால், துவைத்த பிறகு காட்டும் அளவைக் கடைக்காரர் ஏற்க வேண்டியதில்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 42 சைஸ் சட்டை கேட்டு வாங்கியிருக்கிறார். கடையின் சார்ட்டில் 42-க்குச் சட்டையின் மார்பு 46 இஞ்ச், தோள் 18½, கை 25, நீளம் 30. கைக்கு வந்த சட்டையில் பாதி மார்பு 22, அதாவது முழுச் சுற்று 44. தோள் 17¾, கை 24½, நீளம் 29¼. லேபிளில் 42 என்றே இருக்கிறது.

நீளம் முக்கால் இஞ்ச் குறைகிறது, கை அரை இஞ்ச் குறைகிறது என்று எல்லாவற்றையும் ஒரே கனத்தில் எழுதினால் வாதம் நீர்த்துவிடும். மொத்தமாகத் தைக்கும் இடங்களில் சிறு வித்தியாசத்தை ஒப்புக்கொள்வது வழக்கம். மார்புச் சுற்றில் அரை இஞ்ச் கூடினாலும் குறைந்தாலும் பெரும்பாலும் பிழையாகக் கொள்ள மாட்டார்கள். இங்கே குறைவது 2 இஞ்ச். அதைத்தான் முன்னால் வைக்க வேண்டும்.

அடுத்து, சார்ட்டில் 40-க்கான வரியைப் பார்க்க வேண்டும். மார்பு 44, தோள் 17¾, கை 24½, நீளம் 29½. வந்த சட்டையில் மூன்று அளவுகள் அப்படியே பொருந்துகின்றன. நீளத்தில் கால் இஞ்ச்தான் வித்தியாசம். சட்டை அளவு தவறித் தைக்கப்படவில்லை. 40 சைஸ் சட்டையில் 42 லேபிளைத் தைத்துவிட்டார்கள். இந்த ஒப்பீடு மின்னஞ்சலில் இருந்தால் கடைக்காரர் மேற்கொண்டு கேட்க எதுவும் இருக்காது.

இதில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. துணியை அடுக்கடுக்காக விரித்து வெட்டிய பிறகு, ஒவ்வொரு சைஸின் துண்டுகளையும் பண்டலாகக் கட்டி, சைஸ் எழுதிய சீட்டை வைத்துத்தான் தையலுக்கு அனுப்புவார்கள். லேபிள் மாறுவது பெரும்பாலும் அந்தக் கட்டத்தில்தான். அப்படியானால் ஒரு சட்டையோடு அது நிற்காது. ஒரு பண்டல் முழுவதும் மாறியிருக்கலாம். "42 சைஸ் சட்டை அனுப்புங்கள்" என்று எழுதினால், ஊழியர் அதே பெட்டியிலிருந்து 42 என்று லேபிள் உள்ள இன்னொரு 40-ஐ எடுத்து அனுப்புவார். கேட்க வேண்டியது எண்ணை அல்ல, இஞ்சை. அனுப்புவதற்கு முன் டேப் வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். அந்த மின்னஞ்சல் இப்படி இருக்கலாம்:

பொருள்: ஆர்டர் எண் ….. – 42 லேபிள் உள்ள சட்டை 40 அளவில் இருக்கிறது – மாற்றித் தர வேண்டுகிறேன்

வணக்கம்.

மேற்கண்ட ஆர்டரில் நீலக் கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை ஒன்று, 42 சைஸ், நேற்று வந்து சேர்ந்தது. காலர் லேபிளில் 42 என்று இருக்கிறது. ஆனால் சட்டையின் அளவு உங்கள் சார்ட்டில் உள்ள 40-உடன் ஒத்துப்போகிறது.

பட்டன்களைப் போட்டு, தட்டையாக விரித்து, அக்குளுக்கு ஒரு இஞ்ச் கீழே அளந்தேன். பாதி மார்பு 22 இஞ்ச், முழுச் சுற்று 44. சார்ட்டின்படி 42-க்கு 46 இருக்க வேண்டும். தோள் 17¾ (இருக்க வேண்டியது 18½). கை, தோள் தையலிலிருந்து 24½ (இருக்க வேண்டியது 25).

சட்டையைத் துவைக்கவில்லை, டேக் அப்படியே இருக்கிறது. லேபிள், டேப் வைத்த மார்புப் பகுதி, பார்சல் மேல் ஒட்டிய சீட்டு ஆகிய மூன்று படங்களை இணைத்திருக்கிறேன்.

இதே சட்டையில், பாதி மார்பு 23 இஞ்ச் உள்ளதாக ஒன்றை அனுப்பித் தர வேண்டுகிறேன். லேபிள் மாறியிருப்பதால், அனுப்புவதற்கு முன் ஒருமுறை அளந்து பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். இருப்பு இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தந்தால் போதும். பழைய சட்டையை எடுத்துக்கொள்ளக் கூரியர் வரும் நாளைத் தெரிவியுங்கள். தவறு அனுப்பியதில் நேர்ந்ததால் கூரியர் செலவு உங்களுடையது என்று எடுத்துக்கொள்கிறேன்.

நன்றி.

இதில் கோபம் இல்லை, "உங்களை நம்பி வாங்கினேன்" என்ற வரியும் இல்லை. படிப்பவர் பெரும்பாலும் சட்டையைத் தைத்தவரும் அல்ல, பெட்டியில் போட்டவரும் அல்ல. மேலதிகாரியிடம் அனுமதி வாங்க வேண்டிய ஓர் ஊழியர். அவர் மேலே காட்டத் தேவையானதெல்லாம் இதில் இருக்கிறது.

படங்களில் ஒரு கவனம் வேண்டும். போனைச் சாய்த்துப் பிடித்தால் டேப்பின் எண் இடம் மாறித் தெரியும். நேர் மேலிருந்து, டேப்பின் பூஜ்யமும் மறுமுனையின் எண்ணும் ஒரே படத்தில் விழும்படி எடுக்க வேண்டும். உடுத்திக்கொண்டு கண்ணாடி முன் எடுத்த படம் சட்டை இறுக்கமாக இருப்பதைத்தான் காட்டும், அளவைக் காட்டாது.

"விற்ற பொருளைத் திரும்ப எடுப்பதில்லை" என்று பதில் வந்தால், சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மையோடு பொருந்தாத பொருளைத் திரும்ப எடுக்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தில் போட்ட சைஸ் சார்ட்டும் சொன்ன தன்மைதான். அதனால்தான் சட்டை வந்த அன்றே அந்தச் சார்ட்டைப் படமாக எடுத்து வைப்பது நல்லது; பிறகு அது மாறிவிடலாம். மின்வணிக நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்றும் அந்த விதிகள் சொல்கின்றன. அவர் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும். அங்கும் நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைபேசியில் கடைக்காரர் ஒப்புக்கொண்டால், "இன்று பேசியபடி" என்று தொடங்கி இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிவிட வேண்டும். புகார் கொடுக்கும் நிலை வந்தால் காட்டுவதற்கு எழுத்தில் இருப்பதுதான் உதவும்.

ஆனால் சட்டை சார்ட்டுக்குச் சரியாக இருந்து உங்களுக்குப் பொருந்தவில்லையென்றால் இந்த விதி கைகொடுக்காது. அப்போது உரிமை பேசாமல், கடை தந்திருக்கும் மாற்றும் காலக்கெடுவுக்குள் "44 சைஸ் வேண்டும், கூரியர் செலவைத் தருகிறேன்" என்று எழுதுவதே வழி. அந்த சைஸையும் ஊகித்துக் கேட்க வேண்டாம். வீட்டில் உங்களுக்கு நன்றாகப் பொருந்தும் சட்டை ஒன்றை விரித்து பாதி மார்பை அளந்து, அதற்கு நெருங்கிய வரியைச் சார்ட்டில் தேடுங்கள். மாற்றுச் சட்டை வந்ததும் டேக்கைப் பிய்ப்பதற்கு முன் அதையும் டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள்.