முதல் டேட்டுக்கு எந்த சென்ட், எத்தனை ஸ்ப்ரே?

முதல் டேட்டுக்கு முன்னால் சென்ட் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “நல்லா நிக்கிற மாதிரி எது இருக்கு?” அலுவலகத்துக்கோ கல்யாண வீட்டுக்கோ அது சரியான கேள்வி. ஆனால், இதுவரை நேரில் பார்த்திராத ஒருவரோடு சின்ன மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் பேசப்போகிறவருக்கு அது உதவாது. எத்தனை மணி நேரம் நிற்கிறது என்பதைவிட எவ்வளவு தூரம் போகிறது என்பதுதான் அங்கே முக்கியம். மெனு கார்டைக் காட்ட அவர் பக்கம் லேசாகச் சாயும்போது மணம் தெரிய வேண்டும். நிமிர்ந்து உட்கார்ந்ததும் அது பேச்சுக்கு வழிவிட்டு ஒதுங்க வேண்டும். அந்தத் தூரம் சுமார் ஒரு கை நீளம்.

இதை நாமே முகர்ந்து பார்த்து முடிவு செய்ய முடியாது. ஒரே வாசனை தொடர்ந்து வந்துகொண்டிருந்தால் சில நிமிடங்களிலேயே மூக்கு அதைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். அடுத்தவர் வீட்டுக்குள் நுழைந்ததும் தெரிகிற வாசனை கொஞ்ச நேரத்தில் காணாமல் போவதும், நம் வீட்டின் வாசனை நமக்குத் தெரியாததும் இதனால்தான். கழுத்தில் சென்ட் அடித்துக்கொண்டவர் அதன் நடுவிலேயே மூச்சு விடுகிறார். அரை மணி நேரத்தில் “போயிடுச்சு போல” என்று நினைத்து இன்னும் இரண்டு ஸ்ப்ரே போடுகிறார். எதிரில் வந்து உட்காருகிறவருக்கோ முதலில் போட்டதே குறையாமல் இருக்கிறது. மேலே மேலே போடுவதுதான் முதல் சந்திப்புகளில் நடக்கிற பெரிய தப்பு. அதைச் செய்கிறவருக்குத் தான் செய்வது தெரியவே தெரியாது.

இன்றைய ஆண்கள் சென்ட்களில் இது இன்னும் கூடுதல். அவற்றில் பலவற்றின் அடியில் மரவாசனையும் ஆம்பர் வாசனையும் கலந்தது போன்ற வலுவான செயற்கைப் பொருள்கள் இருக்கின்றன. போட்டவரின் மூக்குக்கு அவை சீக்கிரம் மறைந்துவிடும், அறைக்குள் வருகிறவருக்கோ கூர்மையாக அடிக்கும். மஸ்க் வகையிலோ வேறு ஒரு விசித்திரம் உண்டு. சில மஸ்க் பொருள்களைச் சிலரால் பிறவியிலிருந்தே முகர முடியாது. உங்களுக்கு ஒன்றுமே தெரியாத சென்ட், பக்கத்தில் இருப்பவருக்குப் பளிச்சென்று தெரியலாம். அதனால் வாங்குவதற்கு முன் இன்னொருவர் மூக்கைக் கடன் வாங்குவது கட்டாயம்.

கடையில் காகிதப் பட்டையில் அடித்துத் தருவார்கள். அதில் முதலில் வருவது ஆல்கஹாலும், சீக்கிரம் ஆவியாகிற எலுமிச்சை, ஆரஞ்சு வகை மணங்களும்தான். கால் மணி நேரத்தில் அவற்றின் பெரும்பகுதி போய்விடும். அந்த முதல் மணத்துக்கு மயங்கித்தான் பலர் பணம் கட்டுகிறார்கள். உங்களைச் சந்திக்க வருகிறவருக்கு எட்டப்போவதோ அதற்கு அப்புறம் வருகிற நடு மணமும் அடி மணமும். எனவே பட்டையில் பிடித்திருந்தால் முழங்கை மடிப்பில் ஒரே ஒரு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். ஒரு மணி நேரம் வெயிலிலும் காற்றிலும் நடந்தபின் முகர்ந்து பாருங்கள். நடுவில் மூக்கு அலுத்துப்போனால் கடைக்காரர் காபிக் கொட்டையை நீட்டுவார். அதனால் தனிப் பலன் இல்லை. வெளிக்காற்றில் சற்று நின்றாலே போதும்.

பாட்டிலில் எழுதியிருக்கிற வகைப் பெயரும் கொஞ்சம் உதவும். ‘ஓ டி பர்ஃப்யூம்’ என்றால் வாசனை எண்ணெய் ஏறக்குறைய 15 முதல் 20 சதவீதம். ‘ஓ டி டாய்லெட்’ என்றால் அதைவிடக் குறைவு. ‘கொலோன்’ என்றால் இன்னும் குறைவு. இந்த அளவுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். எவ்வளவு தூரம் வீசும் என்பதை இந்தச் சதவீதம் மட்டும் தீர்மானிப்பதும் இல்லை, உள்ளே இருக்கிற பொருளையும் பொறுத்தது. ஆல்கஹால் இல்லாத அத்தர் தோலோடு ஒட்டியே இருக்கும். சந்தன அத்தரை ஒரு சொட்டுப் போட்டால் அடக்கமாக நிற்கும். ஆனால் ஊது அத்தரை இரண்டு சொட்டுப் போட்டால் லிஃப்ட் முழுக்க நிரம்பிவிடும்.

ஒரு உதாரணம் பார்க்கலாம். வேளச்சேரியில் இருக்கிற ஒரு இளைஞர், சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு பெசன்ட் நகரில் ஒரு காபி ஷாப்பில் முதல் சந்திப்பு. மாதம் மே, பைக்கில் போகிறார். வீட்டில் மூன்று பாட்டில்கள் இருக்கின்றன. ஒன்று எலுமிச்சையும் வெட்டிவேரும் கலந்த ஓ டி டாய்லெட். இன்னொன்று வெனிலாவும் ஆம்பரும் சேர்ந்த, பஞ்சு மிட்டாய் போல இனிக்கிற ஓ டி பர்ஃப்யூம். மூன்றாவது துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த ஊது அத்தர்.

அவர் செய்ய வேண்டியது அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையே ஒத்திகை பார்ப்பது. அதே நேரத்துக்குக் குளித்து, வெனிலா சென்ட்டை வழக்கம்போல் நான்கு ஸ்ப்ரே அடித்துக்கொண்டு, ஏசி ஓடுகிற அறையில் அக்காவை எதிரில் உட்காரச் சொல்கிறார்.

“அக்கா, எப்படி இருக்கு?”

“நீ கதவைத் தொறக்கும்போதே தெரிஞ்சுதுடா. காபியே குடிக்க முடியலை.”

மறுநாள் வெட்டிவேர் சென்ட்டை இரண்டே ஸ்ப்ரே அடித்து, முக்கால் மணி நேரம் கழித்து அதே நாற்காலியில் உட்காருகிறார். இந்த முறை அக்கா, “ஏதாவது போட்டிருக்கியா?” என்று கேட்டுவிட்டு, அவர் சாயும்போது மட்டும் “ஆமா, நல்லாருக்கு” என்கிறார். அவருக்குத் தேவை இந்தப் பதில்தான். கேட்பதற்கு அக்காவோ நண்பரோ யாராக இருந்தாலும் சரி, அன்று அவர் நம்மோடு அதே அறையில் இருந்திருக்கக் கூடாது, வெளியிலிருந்து புதிதாக வர வேண்டும். கூடவே இருந்தவர் மூக்கும் பழகிப்போயிருக்கும்.

இனி சனிக்கிழமைக்கு வருவோம். நாலரை மணிக்குக் குளியல். இதைத் தள்ளவே கூடாது, ஏனென்றால் புதிதாக வருகிற வியர்வைக்குப் பெரிய நாற்றம் கிடையாது. அக்குளில் இருக்கிற பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாற்றம் வருகிறது. அதன்மேல் சென்ட் அடித்தால் இரண்டும் கலந்து மூன்றாவதாக ஒன்று வரும், அது முதல் இரண்டையும்விட மோசம். உடம்பை நன்றாகத் துடைத்துக் காய்ந்தபின் வாசனையில்லாத டியோடரன்ட். வறண்ட தோல் என்றால், சென்ட் அடிக்கப்போகும் இடத்தில் வாசனையில்லாத மாய்ஸ்சரைசர் கொஞ்சம் தடவிக்கொள்ளலாம், மணம் சற்றுக் கூடுதல் நேரம் தங்கும்.

ஐந்தே காலுக்கு சென்ட். ஒரு ஸ்ப்ரே நெஞ்சில், சட்டை போடுவதற்கு முன். இன்னொன்று ஒரு முழங்கை மடிப்பில். பாட்டிலை அரை அடி தள்ளிப் பிடித்தால் போதும். கழுத்தைத் தவிர்க்கச் சொல்வதற்குக் காரணம், அது சொந்த மூக்குக்கு மிகப் பக்கம். மணிக்கட்டைத் தவிர்ப்பது, அந்தக் கைதான் சாப்பாட்டுக்கும் கைகுலுக்கலுக்கும் போகிறது என்பதால். நெஞ்சில் அடித்தது சட்டைக்குள்ளிருந்து உடம்புச் சூட்டில் மெல்ல மேலே வரும். துணியின்மேல் அடித்தால் அது நாள் முழுக்கப் போகாது, பட்டில் கறையும் விழலாம். ஐந்தரைக்குக் கிளம்பி ஆறு மணிக்குப் போய்ச் சேரும்போது ஆல்கஹால் நெடியும் முதல் எலுமிச்சையும் ஓய்ந்து, வெட்டிவேர் வெளிவரத் தொடங்கியிருக்கும்.

மே மாதச் சூட்டில் சென்ட் வேகமாக ஆவியாகும், அதனால் வெளியில் நிற்கும்போது வழக்கத்தைவிட வலுவாகவே வீசும். உள்ளே ஏசியில் ஆவியாவது மெதுவாகும், ஆனால் மூடிய அறையில் கலைந்து போக வழி இல்லை. கடற்கரையில் நடப்பதாக இருந்தால் காற்று வாங்கிக்கொண்டு போய்விடும், மூன்று ஸ்ப்ரே தாங்கும். கண்ணாடி ஏற்றிய காரில் சேர்ந்து போவதாக இருந்தால் ஒன்றே அதிகம்.

எந்த வகை என்று கேட்டால், நம் ஊர்ப் பருவத்துக்கு என் ஓட்டு வெட்டிவேருக்கு. அது மெதுவாக ஆவியாகும், மண்ணும் புல்லும் கலந்த ஈர வாசனை, தோலோடு நிற்கும். ஆணுக்கும் பொருந்தும், பெண்ணுக்கும் பொருந்தும். பிரான்சின் கெர்லான் நிறுவனம் 1959-இல் அதையே பெயராக வைத்து வெளியிட்ட சென்ட் இன்றும் விற்கிறது. மல்லிகை வேண்டும் என்கிறவர்கள், காற்றோட்டமான மல்லிகையைத் தேடலாம். ஹெடியோன் என்கிற பொருள் அதைத்தான் தருகிறது. 1966-இல் எட்மண்ட் ரூட்நிட்ஸ்கா, டியோர் நிறுவனத்தின் ‘ஓ சோவாஜ்’ சென்ட்டில் அதைச் சேர்த்தபின் உலகம் முழுக்கப் பரவியது. அது முகத்தில் அடிக்காமல் மற்ற மணங்களுக்கு இடைவெளி விட்டு நிற்கும். நிலசம்பங்கி, ஊது, கனமான வெனிலா எல்லாம் நல்ல மணங்கள்தான். ஆனால் முன்பின் தெரியாதவரின் விருப்பத்தை அறியாமல் மே மாதத்தில் அவற்றைப் போடாதீர்கள்.

தலையில் மல்லிகைச் சரம் வைத்துக்கொண்டு போகிற பெண்ணுக்கு சென்ட்டே தேவையில்லை. குண்டுமல்லி மாலையில்தான் மலர்ந்து மணக்கும், ஒரு முழம் பூ ஒரு மேஜைக்குத் தாராளம். அதன்மேல் பழ வாசனை சென்ட் ஒன்றைச் சேர்த்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். இதே கணக்கை மற்றவற்றுக்கும் போட்டுப் பாருங்கள். வாசனை சோப், டால்கம் பவுடர், ஷாம்பு, தலைமுடி ஜெல், துணிக்குப் போடுகிற கண்டிஷனர் எல்லாமே சென்ட்தான். இவற்றில் மூன்று ஏற்கெனவே உடம்பில் இருந்தால் பாட்டிலைத் தொடுவதற்கு முன் யோசிக்க வேண்டும்.

‘ஃபெரோமோன்’ என்று எழுதி, எதிரில் இருப்பவரைக் கவர்ந்துவிடும் என்று விற்கப்படுகிற சென்ட்களுக்குப் பணம் தர வேண்டாம். பட்டுப்பூச்சியில் அப்படி ஒரு பொருளை 1959-இல் கண்டுபிடித்தார்கள். மனிதரில் அப்படி ஒன்று உறுதியாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆக்ஸ்ஃபோர்டின் ட்ரிஸ்ட்ரம் வயட் 2015-இல் அதுவரை வந்த ஆய்வுகளை அலசி இதையே எழுதினார்.

கவனிக்க வேண்டியது எதிரில் இருப்பவரை. அடிக்கடி மூக்கைத் தேய்க்கிறார், நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளுகிறார், தும்முகிறார், ஜன்னலோரம் மாறலாமா என்கிறார் என்றால் சென்ட் காரணமாக இருக்கலாம். சிலருக்கு எந்த நல்ல மணமும் ஒற்றைத் தலைவலியைக் கிளப்பும், ஆஸ்துமா இருப்பவர்களுக்கு மூச்சு முட்டும். “சென்ட் அதிகமா இருக்கா?” என்று நேராகக் கேட்பதில் தப்பில்லை. ஆமாம் என்றால் வாஷ்ரூமுக்குப் போய் வெறும் தண்ணீரில் கழுவிப் பயனில்லை, சென்ட் எண்ணெய் தண்ணீரில் கரையாது. வாசனையில்லாத ஹேண்ட் சானிடைசரை டிஷ்யூ பேப்பரில் விட்டு, அடித்த இடத்தை இரண்டு முறை அழுத்தித் துடைத்து, பிறகு சோப்புப் போட்டுக் கழுவினால் பெரும்பகுதி போய்விடும். சானிடைசரில் இருக்கிற ஆல்கஹால் அந்த எண்ணெயைக் கரைத்து எடுத்துவிடும். அதற்காகவே ஒரு சின்ன பாட்டிலைப் பையில் வைத்துக்கொள்ளலாம், சென்ட் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டு.