மாநாட்டுக்கு முன்பே ஓர் அறிமுகம்

பொள்ளாச்சியில் காயர்பித் கட்டிகள் தயாரிக்கும் ஒருவர், நெதர்லாந்தில் நடக்கும் தோட்டக்கலை மாநாடு ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். விசா, விமானம், தங்குமிடம் எல்லாம் சேர்த்தால் செலவு லட்சங்களில் போகும். அவர் பார்க்க விரும்புவதோ நாலைந்து பேரைத்தான்: செடி வளர்ப்பு ஊடகம் விற்கும் நிறுவனங்களின் கொள்முதல் மேலாளர்கள். தேநீர் இடைவேளையில் ஒவ்வொருவர் கழுத்து அட்டையையும் குனிந்து படித்துக்கொண்டே போனால் இரண்டு நாளும் கரைந்துவிடும். முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ள நினைக்கிறார்.

இந்த நிலையில் பெரும்பாலோர் அமைப்பாளரிடம் கேட்பது, "வருகிறவர்கள் பட்டியலை அனுப்ப முடியுமா?" என்பதைத்தான். முடியாது என்றுதான் பதில் வரும், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஐரோப்பாவில் 2018 மே மாதம் முதல் ஜி.டி.பி.ஆர். என்ற தரவுப் பாதுகாப்பு விதி நடைமுறையில் இருக்கிறது. பதிவுக்காக வாங்கிய பெயரையும் மின்னஞ்சலையும் தகுந்த சட்ட அடிப்படை இல்லாமல் வேறொருவரின் வியாபாரத்துக்குக் கொடுக்க முடியாது. இந்தியாவிலும் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியிருக்கிறது.

"இன்னார் வருகிறாரா, அதை மட்டும் சொல்லுங்கள்" என்று கேட்பதும் அதே வகைதான். வருகிறார் என்று உறுதிசெய்வதே ஒரு தகவலைக் கொடுப்பது. அவர் வேறு வேலை தேடிக்கூட வரலாம், போட்டி நிறுவனத்தோடு பேசக்கூட வரலாம்.

மாநாட்டு நாள் நெருங்கும்போது, முழுப் பட்டியலையும் மலிவு விலைக்குத் தருவதாக யாரோ ஒருவர் மின்னஞ்சல் அனுப்புவார். அமைப்பாளருக்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பே இருக்காது. பணம் கொடுத்தால் எங்கிருந்தோ திரட்டிய பழைய முகவரிகள் கிடைக்கலாம், எதுவும் கிடைக்காமலும் போகலாம்.

அமைப்பாளரிடம் கேட்க வேண்டியது வேறு. எழுதிய குறிப்பு ஒன்றை அவரிடம் கொடுத்து, பொருத்தமானவர்களுக்கு அவரே அனுப்பிவைக்கும்படி கேட்கலாம். விருப்பமுள்ளவர் நமக்கு நேராகப் பதில் எழுதுவார். விருப்பமில்லாதவர் யார், அவர் வருகிறாரா என்பதுகூட நமக்குத் தெரியாமலே போகும். அமைப்பாளருக்கும் இது ஐந்து நிமிட வேலை.

அதற்குமுன் நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்துவிட வேண்டும். பேச்சாளர்கள், அரங்கு எடுத்த நிறுவனங்கள் ஆகியோரின் பெயர்கள் வெளிப்படையாகவே இருக்கும். அவர்களுக்கு நிறுவனத்தின் பொது முகவரி வழியாக நாமே எழுதலாம். மீதியுள்ளவர்களுக்குத்தான் அமைப்பாளரின் உதவி தேவை. அங்கேயும் ஆள் பெயரைச் சொல்வதைவிடப் பொறுப்பைச் சொல்வது நல்லது.

பொள்ளாச்சிக்காரர் பதிவு உறுதியானவுடன், மாநாட்டுக்கு ஐந்தாறு வாரம் முன்பு எழுதுவது நல்லது. கடைசி வாரத்தில் அமைப்பாளருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. பொதுவான விசாரணை முகவரியைவிடப் பங்கேற்பாளர் தொடர்பைக் கவனிப்பவரைத் தேடிப்பிடித்து எழுதினால் வேலை நடக்கும். கடிதத்தின் சாரம் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். உங்கள் மாநாட்டுக்குப் பதிவு செய்திருக்கிறேன். செடி வளர்ப்பு ஊடகம் வாங்கும் பொறுப்பில் உள்ளவர்கள் பதிவு செய்திருந்தால், கீழுள்ள குறிப்பை அதிகபட்சம் ஐந்து பேருக்கு அனுப்ப முடியுமா? அவர்கள் பெயரோ முகவரியோ எனக்கு வேண்டாம். உங்கள் விதிமுறை இடம் தராவிட்டால் தயங்காமல் சொல்லுங்கள்."

அதன்கீழ் வரும் குறிப்பு, படிப்பவர் அரை நிமிடத்தில் முடிவெடுக்கும் அளவுக்குச் சுருக்கமாக இருக்க வேண்டும். "உலகத்தரமான பொருள்" என்ற புகழ்ச்சி எதற்கும் உதவாது. கழுவி உப்பைக் குறைத்த பித், கால்சியம் நைட்ரேட் கொண்டு பதப்படுத்தியது, ஐந்து கிலோ கட்டி, மாதத்துக்கு இத்தனை கன்டெய்னர், ஆய்வக அறிக்கை உண்டு என்றால் போதும். சோடியமும் பொட்டாசியமும் அதிகமுள்ள பித்தால் கையைச் சுட்டுக்கொண்ட மேலாளருக்கு அந்த ஒரு வரி எல்லாவற்றையும் சொல்லிவிடும். பிறகு: "இரண்டாம் நாள் மதியம் பதினைந்து நிமிடம் தர முடிந்தால் மகிழ்ச்சி. விருப்பமில்லையென்றால் பதில் எழுத வேண்டியதில்லை. மறுபடி தொந்தரவு செய்யமாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கைக் காப்பாற்ற வேண்டும். பதில் வராவிட்டால் அமைப்பாளரிடம் ஒருமுறை, "குறிப்பு போய்விட்டதா?" என்று மட்டும் கேட்கலாம். யாருக்குப் போனது, யார் மறுத்தார் என்று துருவினால் அடுத்த ஆண்டு உதவி கிடைக்காது.

சில அமைப்பாளர்கள் குறிப்பை அனுப்ப மறுத்து, மாநாட்டுச் செயலியைக் காட்டுவார்கள். அதில் சந்திக்க விரும்புவோர் மட்டும் தம் பெயரைக் காட்டிக்கொள்வார்கள் என்பதால் அதுவும் சரியான வழியே. அங்கே நம் அறிமுகத்தில் நிறுவனப் பெயரோடு நிறுத்தாமல், என்ன விற்கிறோம், யாரைத் தேடுகிறோம் என்று எழுதினால் தேவைப்படுகிறவரே நம்மைக் கண்டுபிடிப்பார்.

சந்திப்பு நடந்தபின் கிடைத்த விசிட்டிங் கார்டை வாட்ஸ்அப் குழுவிலோ விளம்பர மின்னஞ்சல் பட்டியலிலோ சேர்க்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அந்த மேலாளர் பதினைந்து நிமிடம் பேசத்தான் ஒப்புக்கொண்டார். விலைப்பட்டியல் அனுப்பலாமா என்பதை அங்கேயே கேட்டு, அவர் சொன்ன பதிலைக் கார்டின் பின்புறம் குறித்துக்கொண்டால் ஊர் திரும்பியபின் குழப்பம் இருக்காது.