‘ரத்து செய்ய அழைக்கவும்’

சேரும்போது செல்போனில் இரண்டு பொத்தான் போதும். விலக வேண்டுமென்றால் மட்டும் ‘எங்கள் வாடிக்கையாளர் சேவை மையத்தை அழைக்கவும்’ என்று ஒரு வரி, கீழே ஒரு நம்பர். இணையவழி வகுப்பு, உடல்நலத் திட்டம், திருமணத் தகவல் தளம் என்று பல சந்தாக்களில் இதுதான் நடைமுறை. காது நன்றாகக் கேட்பவருக்கே இது அலுப்பு. காது மந்தமானவருக்கும், போனில் பேசவே கூச்சப்படுபவருக்கும் இது பூட்டிய கதவு.

எங்கள் பெரியப்பா தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காதில் கருவி வைத்திருக்கிறார். எதிரில் உட்கார்ந்து பேசினால் அவருக்கு அனேகமாக எல்லாமே புரியும், போனில் மட்டும் புரியாது. இதற்குக் காரணம் இருக்கிறது. சாதாரணத் தொலைபேசி அழைப்பு, குரலில் சுமார் 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை மட்டுமே கடத்தும். முதுமையில் காது முதலில் இழப்பது உச்ச அதிர்வெண் ஒலிகளை. ச, ஸ, ஃப போன்ற மெய்யொலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது அந்த ஒலிகள்தான். காது விட்டதில் மிச்சம் இருப்பதையும் போன் வெட்டிவிடுகிறது. உதட்டைப் பார்க்கவும் வழியில்லை. ‘முந்நூறா, ஐந்நூறா, எண்ணூறா’ என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்பது மறதியால் அல்ல. அவர் காதுக்கு வந்து சேர்வது ‘நூறு’ மட்டும்தான்.

அவர் மாதம் 499 ரூபாய்க்கு ஒரு யோகா வகுப்பில் சேர்ந்திருந்தார். யூபிஐ ஆட்டோபே வழியாக மாதாமாதம் பணம் தானாகப் போய்க்கொண்டிருந்தது. விலகுவதற்காக அழைத்தார். எதிர்முனையில் இருந்த பெண், “சார், உங்களுக்காக ஸ்பெஷலா மூணு மாசம் பாதி விலைக்குத் தர்றோம், கன்டினியூ பண்ணிக்கலாமா சார்?” என்றாள். பெரியப்பா, “சரிம்மா, சரி” என்றார். ரத்தாகிவிட்டது என்று நினைத்து போனையும் வைத்துவிட்டார். காது கேளாதவர்கள் பலருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. மூன்றாவது முறையும் ‘என்ன சொன்னீங்க?’ என்று கேட்க வெட்கப்பட்டு, ‘சரி’ சொல்லிவிடுவார்கள். விலக வருபவரைத் தக்கவைப்பதையே வேலையாகக் கொண்ட ஊழியரிடம் அந்த ‘சரி’ ஒரு சம்மதம். அதன் ஒலிப்பதிவும் அவர்களிடம்தான் இருக்கும், நம்மிடம் இருக்காது.

அதனால் விலகும் முடிவை எழுத்தில் கொடுப்பதுதான் உருப்படியான வழி. அழைத்தால்தான் ரத்தாகும் என்று நிறுவனம் போட்டிருக்கட்டும். நாம் தேதியிட்டு அனுப்பிய மின்னஞ்சல், பின்னால் வழக்கென்று வந்தால் நம் பக்கம் பேசும். சந்தாத் தளத்தின் அடியில் குறைதீர்ப்பு அலுவலர் என்று ஒருவரின் பெயரும் முகவரியும் இருக்கும். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி அதை வெளியிட வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பொது உதவி முகவரிக்கு மட்டும் எழுதாமல் இவருக்கும் சேர்த்து அனுப்புங்கள்.

பெரியப்பாவின் முதல் மின்னஞ்சலில் ‘நான் விலக விரும்புகிறேன், என்ன செய்ய வேண்டும்?’ என்று இருந்தது. அது ஒரு கேள்வி. ‘தயவுசெய்து அழைக்கவும்’ என்று பதில் வந்தது, அவர்கள் கணக்கில் விஷயம் முடிந்தது. இரண்டாவதை இப்படி எழுதினோம்:

“எனது சந்தாவை இன்றைய தேதியிலிருந்து ரத்து செய்கிறேன். எனக்குக் காது கேட்பதில் குறைபாடு உள்ளதால் தொலைபேசியில் பேச இயலாது, அழைக்க வேண்டாம். ரத்தானதை இந்த மின்னஞ்சலுக்கு எழுத்தில் உறுதிசெய்யவும். இனி எந்தத் தொகையும் எடுக்க எனக்குச் சம்மதமில்லை.”

மேலே பதிவுசெய்த பெயர், செல்போன் எண், சந்தா எண். அவ்வளவுதான். விலகும் காரணத்தை எழுதாதீர்கள், எழுதினால் அதற்கொரு சலுகை வரும். இதற்கு மருத்துவச் சான்றும் தேவையில்லை. ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 60 டெசிபலுக்கு மேற்பட்ட இழப்பைத்தான் கணக்கில் எடுக்கிறது. அந்த எல்லைக்குள் வராத, ஆனால் போனில் தடுமாறுகிற முதியவர்கள் ஏராளம். அவர்களும் எழுத்தில் பதில் கேட்கலாம்.

மின்னஞ்சல் இல்லாதவர் தபாலில் அனுப்பலாம். பதிவுத் தபால் 2025இல் ஸ்பீடு போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. ரசீதில் உள்ள எண்ணை வைத்து, கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ளலாம். அந்த ரசீதைத் தொலைக்காதீர்கள்.

பணம் போவதைத் தனியாக நிறுத்த வேண்டும். அது நிறுவனத்தின் கையில் இல்லை, நம் கையில் இருக்கிறது. யூபிஐ செயலியில் ஆட்டோபே என்ற பகுதிக்குப் போனால், நாம் அனுமதி கொடுத்த பட்டியல் தெரியும். உரியதைத் தேர்ந்து ரத்து செய்தால் யூபிஐ பின் கேட்கும். ‘பின் போட்டால் பணம் போகும்’ என்று பயின்ற பெரியப்பா இங்கே கையை இழுத்துக்கொண்டார். நம்முடைய செயலியை நாமே திறந்து ரத்து செய்யும்போது அது அடையாளத்துக்காகக் கேட்பது. கார்டில் தானாகப் போகும் பணத்துக்கும் வழியுண்டு. பிடிப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே வங்கி அறிவிக்க வேண்டும், நாம் எப்போது வேண்டுமானாலும் அனுமதியைத் திரும்பப் பெறலாம் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வங்கிக் கணக்கிலிருந்து நேரடியாகப் பிடித்தால், கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆனால் பணத்தை நிறுத்துவது சந்தாவை ரத்து செய்வதாகாது. முன்பணம் கட்டும் யோகா வகுப்புக்கு இது பெரிய விஷயமில்லை, அடுத்த மாதம் வகுப்பு நின்றுவிடும். மாதக் கடைசியில் பில் வரும் பிராட்பேண்டில் அப்படியல்ல. பில் ஏறிக்கொண்டே போகும், பிறகு வசூல் செய்பவர்கள் கூப்பிடுவார்கள். அதனால் கடிதம் முதலில், பணம் நிறுத்துவது அடுத்து. வாடகை ரவுட்டர் இருந்தால் திருப்பிக் கொடுத்து, கருவியின் எண் எழுதிய ரசீதை வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் ரவுட்டருக்கும் பில் போடுவார்கள்.

வேறு வழியின்றி யாராவது பேசித்தான் ஆக வேண்டுமென்றால் மகளோ பேரனோ பேசலாம், ஆனால் பெரியப்பாவாக நடிக்கக் கூடாது. “கணக்குக்காரர் பக்கத்தில் இருக்கிறார், காது கேட்காது, அவர் சார்பில் பேசுகிறேன்” என்று சொல்லி, அவரையே பெயரையும் சம்மதத்தையும் சொல்ல வைத்தால் போதும். முடிவில், “இதை எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள்” என்று கேட்டு, அது வந்த பிறகே வைக்க வேண்டும். எண்ணை பில்லிலிருந்தோ செயலியிலிருந்தோ எடுங்கள். இணையத்தில் தேடிக் கிடைக்கும் ‘கஸ்டமர் கேர்’ எண்களில் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். ஏதாவது செயலியை நிறுவச் சொன்னால் அங்கேயே துண்டித்துவிடுங்கள்.

கடிதம் போய் ஒரு மாதம் ஆகியும் அசையவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. அதன் 1915 என்ற எண்ணும் போன்தான், வேடிக்கைதான்! ஆனால் consumerhelpline.gov.in தளத்திலும், 8800001915 என்ற வாட்ஸ்அப் எண்ணிலும் எழுதியே புகார் செய்யலாம். சேருவதை எளிதாக்கி விலகுவதைச் சிக்கலாக்கும் உத்தியை, 2023 நவம்பர் 30 அன்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல், ‘சந்தாப் பொறி’ என்ற பொருளில் தடைசெய்யப்பட்ட உத்திகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இணையத் தளங்களுக்கான வழிகாட்டுதல் அது. புகாரில் அதைக் குறிப்பிட்டு, ரத்துக் கடிதத்தின் நகலையும் ‘தயவுசெய்து அழைக்கவும்’ என்று வந்த அந்தப் பதிலையும் சேர்த்து இணையுங்கள்.