விலைப்பட்டியலுக்கு முன்பே நடக்கும் வியாபாரம்

ஒரு தண்ணீர் மோட்டாரைப் பிரித்தால், சுழலும் தண்டைத் தாங்கி நிற்கும் எஃகு வளையத்தின் ஓரத்தில் 6205 என்று பொறித்திருப்பதைப் பார்க்கலாம். பேரிங் கடையில் அந்த எண்ணைச் சொன்னாலே போதும். உள்விட்டம் 25 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 52, அகலம் 15. ஸ்வீடனின் எஸ்.கே.எஃப். செய்தாலும், ஜப்பானின் என்.எஸ்.கே. செய்தாலும், பெயர் தெரியாத ஒரு பட்டறை செய்தாலும் அளவு இதுதான். சர்வதேசத் தரநிலை அப்படி. ஒன்றைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொன்றைப் பொருத்திவிடலாம்.

பிறகு எப்படி ஒரு நிறுவனம் மட்டும் அதே அளவுப் பொருளுக்குக் கூடுதல் விலை கேட்டு வாங்குகிறது? இந்தப் பொருளை வாங்குபவர்கள் வடிவமைப்புப் பொறியாளரும், பராமரிப்புப் பிரிவும், கொள்முதல் குழுவும்தான். தொலைக்காட்சி விளம்பரம் பார்த்து அவர்கள் மனம் மாறுவதில்லை. அவர்களிடம் பெயர் எடுப்பது எப்படி என்பதற்கு எஸ்.கே.எஃப்.பின் கதையே நல்ல பாடம்.

கோதன்பர்க் நகரின் ஒரு துணி ஆலையில் பொறியாளராக இருந்தவர் ஸ்வென் விங்க்விஸ்ட். ஆலை நின்றது களிமண் நிலத்தில். மண் நகர நகரத் தண்டுகள் நேர்கோட்டிலிருந்து விலகின, பேரிங்குகள் அடிக்கடி பழுதாயின. தண்டு சற்றுச் சாய்ந்தாலும் தன்னைச் சரிசெய்துகொள்ளும் பேரிங்கை அவர் வடிவமைத்தார். 1907-இல் எஸ்.கே.எஃப். பிறந்தது. நல்ல கண்டுபிடிப்புதான். ஆனால் பொறியாளர்கள் மத்தியில் அந்தப் பெயர் நிலைத்ததற்கு, பின்னால் வந்த ஒரு கணக்குக்கும் பெரிய பங்கு உண்டு.

அங்கே பணியாற்றிய ஆர்விட் பாம்கிரன், ஒரு பேரிங் எவ்வளவு காலம் உழைக்கும் என்பதைக் கணிக்கும் முறையை 1924-இல் வெளியிட்டார். 1947-இல் குஸ்தாஃப் லுண்ட்பெரியுடன் சேர்ந்து அதை விரிவாக்கினார். இன்று உலகம் முழுதும் பயன்படும் தரநிலைக்கு அதுவே அடித்தளம். போட்டியாளர்களும் அதையே பயன்படுத்துகிறார்கள். பந்து பேரிங்குக்கு அதன் எளிய வடிவம் இது:

```
L10 = (C / P)^3
```

C என்பது பேரிங்கின் தாங்குதிறன், P என்பது அதன்மேல் விழும் சுமை. விடை மில்லியன் சுற்றுகளில் வரும். எஸ்.கே.எஃப். பட்டியலில் 6205-க்கு C 14.8 கிலோநியூட்டன். சுமை 1.48 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 150 கிலோ எடை என்று வைத்துக்கொள்வோம். பத்தின் மும்மடி ஆயிரம், ஆக ஆயிரம் மில்லியன் சுற்றுகள். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரில் இது சுமார் 11,570 மணி நேரம். இரவு பகலாக ஓடினால் 16 மாதம்.

இப்போது தாங்குதிறன் பத்து சதவீதம் குறைந்த இன்னொரு பேரிங்கை எடுத்துக்கொள்வோம். அளவு அதே, பார்வைக்கும் அதே. ஆனால் மும்மடியால் ஆயுள் 27 சதவீதம் குறைந்து, 12 மாதத்துக்குள் வந்துவிடுகிறது. பட்டியலில் அச்சாகும் ஓர் எண்ணுக்கு இவ்வளவு கனம் இருக்கிறது. L10-இல் உள்ள 10 இன்னொன்றையும் சொல்கிறது: நூறு பேரிங்கில் பத்து இந்த ஆயுளை எட்டாமலே போகலாம். தன் பொருளில் எவ்வளவு பங்கு முன்னதாகவே தோற்கக்கூடும் என்பதை விற்பவரே எழுதித் தருகிறார். தூசியும் கெட்ட கிரீஸும் சேர்ந்தால் கணக்கு மாறும் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். ‘உலகத் தரம்’ என்ற முழக்கத்தைவிட ஒரு பொறியாளர் நம்புவது இந்த வகை எழுத்தைத்தான்.

தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் படித்தவர்களுக்குக் கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் டிசைன் டேட்டா புத்தகத்தைத் தெரியாமல் இருக்காது. தேர்வு அறைக்குள்ளும் எடுத்துச்செல்லும் புத்தகம் அது. அதன் பேரிங் அட்டவணைகளில் எஸ்.கே.எஃப். எண்கள் இருக்கின்றன. இருபது வயதில் அந்த எண்ணை வைத்துக் கணக்குப் போட்டுப் பழகியவர்தான், பத்தாண்டு கழித்து ஓர் ஆலையில் வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

வரைபடத்திலும் பெயர் ஓசையில்லாமல் ஏறிவிடும். இருபுறமும் ரப்பர் மூடி வைத்த பேரிங்கின் எண்ணுக்குப் பின்னால், எஸ்.கே.எஃப். பலவற்றில் `2RS1` என்று போடும், என்.எஸ்.கே. `DDU` என்று போடும், என்.டி.என். `LLU` என்று போடும். வடிவமைப்பாளர் எந்தப் பட்டியலைத் திறந்து வைத்திருந்தாரோ அதன் குறியீடு வரைபடத்தில் விழுகிறது. கொள்முதலுக்குப் போகும் இண்டென்ட்டிலும் அதுவே தொடர்கிறது. எனவே பட்டியலும் கணினி வரைபடமும் கேட்டவுடன் கிடைக்கும்படி வைத்திருப்பது, விற்பனையின் முதல் படி.

அடுத்த படி கொள்முதல் குழு. மூன்று விலைப்புள்ளிகள் வந்து, ஒப்பீட்டு அட்டவணை தயாராகும். குறைந்த விலைக்கு ‘எல்-1’ என்று பெயர். எல்-1-ஐ விட்டு வேறொருவரைத் தேர்ந்தெடுத்தால் யாராவது ஒருவர் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். நாளை தணிக்கையில் கேள்வி வந்தால் பதில் சொல்லப்போவதும் அவர்தான். ‘நல்ல கம்பெனி சார்’ என்று கோப்பில் எழுத முடியாது. ஆயுள் கணக்கு, சோதனைச் சான்றிதழ், ஒருமுறை இயந்திரம் நின்றால் ஆகும் நஷ்டம் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் விற்பவர் தந்திருந்தால், அந்தப் பக்கம் அப்படியே கோப்புக்குள் போகும். பல விற்பனைப் பிரதிநிதிகள் பொறியாளரை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். கையெழுத்திடுபவரின் பயத்தை அவர்கள் யோசிப்பதில்லை. அரசுக் கொள்முதலில் பொதுவாகப் பெயரைக் குறிப்பிடவே முடியாது. தேவையான தன்மைகளைத்தான் எழுத வேண்டும். அங்கே பெயரின் வேலையை எண்கள்தான் செய்தாக வேண்டும்.

உண்மையான சோதனை, பொருள் தோற்ற பிறகு வருகிறது. மூன்றே மாதத்தில் போன பேரிங்கை மேசைமேல் வைத்து, ‘இதுதான் உங்க தரமா?’ என்று கேட்கிறார் பராமரிப்பு அதிகாரி. தேர்ந்த பொறியாளர் அதை அறுத்து, பந்து ஓடும் தடத்தைப் பார்ப்பார். பந்துகளுக்கு இடையே உள்ள அதே இடைவெளியில் சிறு குழிகள் இருந்தால், தண்டில் ஏற்றும்போது வெளிவளையத்தில் சுத்தியால் அடித்திருக்கலாம். அடியின் விசை பந்துகள் வழியே போய்த் தடத்தைக் குழித்திருக்கும். துணி துவைக்கும் பலகைபோல் வரிவரியாக இருந்தால், மோட்டாரின் மின்சாரம் பேரிங் வழியே பாய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. புகைப்படத்தோடு இதை எழுதிக்கொடுத்து, உள்வளையத்தில் அழுத்தி ஏற்றும் முறையை ஊழியர்களுக்குக் காட்டிவிட்டு வருபவருக்கு அந்த ஆலையில் கதவு திறந்தே இருக்கும். தவறு தன்னுடையது என்றாலும் அதையும் எழுதித்தான் தர வேண்டும்.

பெயர் வளர்ந்தால் போலியும் வரும். எஸ்.கே.எஃப். பெயரைப் பொறித்த போலிகளைக் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கடினம். அதனால் அந்நிறுவனம் புகைப்படம் அனுப்பிச் சரிபார்க்க ஒரு கைபேசிச் செயலியை வைத்திருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்குவதே முதல் பாதுகாப்பு.

நூறாண்டு வரலாறு இல்லாத அம்பத்தூர், ஓசூர் பட்டறைகளும் இதில் பெரும்பகுதியைச் செய்யலாம். ஆயில் சீல் செய்பவர், தன் சீல் எந்த வெப்பம் வரை தாங்கும், எந்த எண்ணெயில் போடக்கூடாது என்று தானே சோதித்த எண்களோடு ஒரு தாளில் தந்தால் வாங்குபவரின் பாதி சந்தேகம் தீரும். பலர் சறுக்குவது வேறோர் இடத்தில். ரப்பர் கலவை தருபவரை மாற்றியதை வாடிக்கையாளருக்குச் சொல்வதில்லை. அளவு வரைபடத்துக்குள்தான் இருக்கும், வரும்போது நடக்கும் ஆய்விலும் தேறிவிடும். சில மாதம் கழித்து எண்ணெய்க் கசிவுப் புகார்கள் ஒரே தொகுதியிலிருந்து குவியும்போது வாங்கும் நிறுவனம் தேதியை ஒப்பிட்டுக் கண்டுபிடித்துவிடும். ஒப்புதல் பெற்ற சப்ளையர் பட்டியலிலிருந்து பெயர் நீங்கினால், திரும்ப நுழைய மாதிரிகள், சோதனை ஓட்டம், மறுபடியும் அதே குழு என்று முதலிலிருந்து தொடங்க வேண்டும். கலவையை மாற்றும் முன்பே ஒரு கடிதமும் பத்து மாதிரிகளும் அனுப்பியிருந்தால் இவ்வளவும் தேவைப்பட்டிருக்காது.