பதினாறு தவறுகளின் கணக்கு

பிரிட்டனில் வேலைக்குப் போக நினைக்கும் செவிலியர்களில் பலருக்கு முதல் தடையாக நிற்பது ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுதான். அந்நாட்டின் செவிலியர் மன்றம் கேட்கும் மதிப்பெண் இது: கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றிலும் 7; எழுதுதலில் 6.5. அதுவும் ‘அகாடமிக்’ பிரிவில். ‘ஜெனரல் டிரெயினிங்’ என்று இன்னொரு பிரிவு உண்டு. அவசரத்தில் அந்தப் பிரிவுக்கான புத்தகத்தை எடுத்து மாதக்கணக்கில் படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இந்தியாவில் தேர்வுக் கட்டணமே பதினேழாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. பயிற்சி மையத்துக்குத் தனியாக அழ வேண்டும். மாதச் சம்பளத்தில் வீட்டுக்கும் அனுப்பிவிட்டு மிச்சம் பிடிக்கும் செவிலியர், தேர்வுக் கட்டணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைச் செலவில்லாமல் முடிக்க முடியுமா? பெரும்பகுதி முடியும். ஒரே ஓரிடத்தில் மட்டும் கொஞ்சம் காசு தேவைப்படும்.

மதுரையில் ஷிஃப்ட் முறையில் வேலை பார்க்கும் ஒரு செவிலியரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கையில் பத்து வாரம். நாளுக்கு ஒன்றரை மணி நேரம். முதலில் அவருக்குத் தேவை ஒரு புத்தகம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிடும் ஐஇஎல்டிஎஸ் பயிற்சி நூல் வரிசையில் ஒவ்வொரு புத்தகத்திலும் நான்கு முழுத் தேர்வுகள், விடைகள், ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் எல்லாம் இருக்கும். பெரிய நூலகங்களின் போட்டித் தேர்வுப் பிரிவில் தேடிப் பார்க்கலாம். எடுக்கும்போது இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும். பழைய பதிப்புகளோடு வரும் குறுந்தகடு உறையில் இருக்கிறதா? முன்பு எடுத்துப் போன புண்ணியவான் பென்சிலால் விடைகளைக் குறித்து வைத்திருக்கிறாரா? குறித்திருந்தால் அழித்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். விடை கண்ணில் பட்ட தேர்வு எதையும் அளக்காது.

நான்கு தேர்வுகள் பத்து வாரத்துக்குப் போதுமா என்று தோன்றும். போதும். தினம் ஒரு தேர்வு எழுதி மதிப்பெண்ணைக் குறித்துக்கொண்டு போவதுதான் பலரும் செய்யும் வீண் வேலை. வெயிட் மெஷினில் பத்து முறை ஏறி இறங்கினால் எடை குறைந்துவிடுமா என்ன?

முதல் வாரத்தில் முதல் தேர்வின் கேட்டல் பகுதியை நம் செவிலியர் எழுதுகிறார். நான்கு பகுதி, 40 கேள்வி, சுமார் 30 நிமிடம். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். வீட்டிலும் நிறுத்தி ஓடவிடக் கூடாது. அவருக்கு 24 சரி என்று வைத்துக்கொள்வோம். இது ஏறக்குறைய 6 மதிப்பெண். 7 வாங்க 30 அளவில் சரியாக வேண்டும். இனி அந்த 16 தவறுகளையும் ஒவ்வொன்றாக எழுத்து வடிவத்தோடு ஒப்பிட்டு, காரணத்தை நோட்டில் எழுத வேண்டும்.

நான்கு இடங்களில் எழுத்துப்பிழை. ‘அகாமடேஷன்’ என்ற சொல்லுக்கு இரண்டு சி, இரண்டு எம். அவர் ஒரு எம் போட்டிருக்கிறார். மூன்று இடங்களில் பன்மைக்கான எஸ் விடுபட்டிருக்கிறது, அல்லது இரண்டு சொல்லுக்கு மேல் கூடாது என்ற இடத்தில் மூன்று சொல் எழுதியிருக்கிறார். ஐந்து இடங்களில் பொறியில் விழுந்திருக்கிறார்: பேசுபவர் முதலில் செவ்வாய்க்கிழமை என்பார், அடுத்த மூச்சில் ‘இல்லையில்லை, அன்று வேறு வேலை, வியாழன் வைத்துக்கொள்வோம்’ என்பார். நம்மவர் செவ்வாயை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்திருப்பார். மீதி நான்கு, பெரும்பாலும் இடைவெளியில்லாமல் ஓடும் கடைசிப் பகுதியின் விரிவுரையில், உண்மையிலேயே காதில் விழாதவை.

இப்போது கணக்கைப் பாருங்கள். முதல் ஏழு தவறுகளுக்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை. அவற்றை மட்டும் சரிசெய்தாலே 31. ‘எனக்கு இங்கிலீஷ்காரன் பேசுறது புரியலை’ என்று புலம்பிக்கொண்டிருந்தவருக்கு உண்மையில் வேண்டியது, பிழையாக எழுதும் சொற்களின் ஒரு பட்டியலும், விடையை எழுதிய பின் கேள்வியின் இலக்கணத்தை ஒருமுறை பார்க்கும் பழக்கமும்தான்.

காதில் விழாதவற்றுக்குத்தான் இலவச ஒலிப்பதிவுகள். பிபிசி லேர்னிங் இங்கிலீஷ் தளத்தின் ‘சிக்ஸ் மினிட் இங்கிலீஷ்’ நிகழ்ச்சி ஆறு நிமிடம்தான். எழுத்து வடிவமும் கூடவே கிடைக்கும். பஸ்ஸில் போகும்போது காதில் மாட்டிக்கொண்டு கேட்பதால் பெரிய பலன் இல்லை. ஒரு நிமிடப் பகுதியை மட்டும் எடுத்து, வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை அப்படியே எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். பள்ளியில் ‘டிக்டேஷன்’ எழுதினோமே, அதேதான். விட்டுப்போகிற சொற்கள் பெரும்பாலும் கடினச் சொற்களாக இருக்காது. ‘அவுட் ஆஃப்’ என்பது ‘அவுட்டா’ என்று ஒட்டிக்கொண்டு வரும். ‘கேன்’ என்பதா ‘கான்ட்’ என்பதா என்று தெரியாமல் பொருளே தலைகீழாகும். இரண்டு வாரத்தில் அவரவர் காது எங்கே வழுக்குகிறது என்பது நோட்டிலேயே தெரிந்துவிடும்.

வாசித்தலுக்கும் இதே காரண நோட்டுப் போதும். பேசுதலுக்குச் செல்போனின் ஒலிப்பதிவி. தலைப்பை எடுத்து ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் பேசிப் பதிவுசெய்து, திரும்பக் கேட்க வேண்டும். நேற்று நடந்ததை நிகழ்காலத்தில் சொல்லியிருப்பது அப்போதுதான் காதில் உறைக்கும். தலைப்பை மாற்றாமல் மூன்று முறை பேசிப் பார்ப்பது நல்லது.

சிக்கல் எழுதுதலில்தான். மற்றவற்றில் விடையைச் சரிபார்த்துவிடலாம். தன் கட்டுரையின் குறை தன் கண்ணுக்குத் தெரியாது. இதற்கும் பாதி வழி இலவசமாகவே இருக்கிறது. எந்த மதிப்பெண்ணுக்கு எப்படிப்பட்ட எழுத்து வேண்டும் என்ற அளவுகோலை தேர்வு நடத்துபவர்களே ielts.org தளத்தில் வைத்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் நூலின் பின்பக்கங்களில் தேர்வர்கள் எழுதிய கட்டுரைகளும், அவற்றுக்குக் கொடுத்த மதிப்பெண்ணும், தேர்வாளரின் குறிப்பும் உண்டு. குறிப்பைத் தாளால் மறைத்துக்கொண்டு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, தானே மதிப்பெண் போட்டுப் பார்க்க வேண்டும். பத்துக் கட்டுரை பார்த்தால், கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் சொல்லிவிட்டு அழகான வாக்கியங்களால் நிரப்புவது எவ்வளவு மதிப்பெண்ணைத் தின்கிறது என்று புரியும். யூடியூபில் கிடைக்கும் மனப்பாட முன்னுரைகள் அந்த ரகம்தான். தேர்வாளர்கள் அவற்றை முதல் வரியிலேயே கண்டுகொள்வார்கள்.

மிச்சம் பிடித்த காசை இங்கேதான் செலவழிக்க வேண்டும். ஐந்தாவது வாரத்தில் ஒன்று, எட்டாவது வாரத்தில் ஒன்று என இரண்டு முறை மட்டும், இந்தத் தேர்வைக் கற்பித்த அனுபவமுள்ள ஆசிரியரிடம் கட்டுரையைக் கொடுத்துத் திருத்தி வாங்கலாம். மாதக் கட்டணம் கட்டி வகுப்பில் ஐம்பது பேரில் ஒருவராக உட்காருவதைவிட இது மேல்.

இணையத்தில் மாதிரித் தேர்வுகள் கொட்டிக் கிடக்கின்றன. தேர்வு நடத்தும் அமைப்புகளின் தளங்களில் உள்ளவற்றை நம்பலாம். கணினியில் தேர்வெழுதப் போகிறவர்கள் அங்கேயே பழகிக்கொள்ளவும் வேண்டும். மற்ற தளங்களில் கடினம் கூடும், குறையும், சிலவற்றில் விடையே தவறு. அங்கே வாங்கும் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு மகிழவும் வேண்டாம், நொந்துபோகவும் வேண்டாம்.

புத்தகத்தின் இரண்டாம், மூன்றாம் தேர்வுகளைத் துண்டு துண்டாகப் பயிற்சிக்குப் பயன்படுத்தலாம். நான்காவதை மட்டும் எட்டாவது வாரம்வரை திறக்கவே கூடாது. ஒரு விடுமுறை நாளில் கேட்டல், வாசித்தல், எழுதுதல் மூன்றையும் இடைவேளையில்லாமல் ஒரே அமர்வில் எழுத வேண்டும். கேட்டலிலும் வாசித்தலிலும் 30ஐத் தாண்டி, எழுதுதலைத் திருத்திய ஆசிரியரும் சரி என்ற பிறகு, தேர்வுத் தேதிக்குப் பணம் கட்டினால் போதும்.