சம்பள உயர்வு கேட்கும் மின்னஞ்சல் யார் கைக்குப் போகிறது?

சம்பள உயர்வு கேட்டு மின்னஞ்சல் எழுதுகிறவர்கள் அதைத் தங்கள் மேலாளருக்கு எழுதுவதாகவே நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான தனியார் நிறுவனங்களில், ஒருவருக்குச் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கும் அதிகாரம் அந்த மேலாளரிடம் மட்டும் இருப்பதில்லை. ‘பார்த்துச் சொல்லுங்கள்’ என்று ஒரு வரி சேர்த்து, நிதித் தலைவருக்கோ மனிதவளப் பிரிவுக்கோ அந்த மெயிலை அவர் ஃபார்வர்டு செய்வார். அங்கே படிப்பவருக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் மாதக் கடைசியில் இரவு எட்டு மணிவரை உட்கார்ந்து வேலை பார்த்ததும் தெரியாது. அவர் கையில் இருப்பது அந்த மெயில் ஒன்றுதான். முகம் தெரியாத அந்த நபர் படித்துவிட்டு, யாரிடமும் விளக்கம் கேட்காமல் ‘கொடுக்கலாம்’ என்று சொல்லும்படி எழுத வேண்டும்.

ஒரு உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் பம்ப்செட் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்று. அதன் கணக்குப் பிரிவில் ஐந்து வருட அனுபவமுள்ள ஒரு பெண், அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவாக வேலை செய்கிறார். பிடித்தங்களுக்கு முன் அவர் சம்பளம் மாதம் 32,000 ரூபாய். அவருக்குச் சம்பளமும் உயர வேண்டும், சீனியர் எக்ஸிகியூட்டிவ் பதவியும் வேண்டும்.

முதலில், எப்போது கேட்பது? ஏப்ரல் முதல் மார்ச் வரை நிதியாண்டு கணக்கு வைக்கும் நிறுவனங்களில், அடுத்த ஆண்டுக்கான சம்பளச் செலவு ஜனவரியிலிருந்து மார்ச்சுக்குள் முடிவாகிவிடும். இன்கிரிமென்ட் கடிதம் கைக்கு வந்த பிறகு கேட்டால், பிரித்து முடித்த பணத்திலிருந்து கேட்பதாக ஆகிவிடும். ஆகவே ஜனவரி கடைசியோ பிப்ரவரி தொடக்கமோ நல்ல சமயம். மாதத்திலும் நாள் பார்க்க வேண்டும். இவர் இருப்பது கணக்குப் பிரிவு. 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. தாக்கல் முடிய வேண்டும். அதற்கு முந்தைய வாரத்தில் வந்து சேரும் மெயில் கவனிக்கப்படாமலே போகும். அனுப்புவதற்கு முன் மேலாளரிடம் நேரில், ‘சார், என் சம்பளம், பதவி விஷயமா உங்களுக்கு ஒரு மெயில் போடலாம்னு இருக்கேன்’ என்று சொல்லிவிடுவதும் அவசியம். முன்னறிவிப்பில்லாமல் வரும் மெயிலைப் பார்த்ததும், ‘வேறு வேலை பார்த்துவிட்டாரோ’ என்றுதான் மேலாளருக்குத் தோன்றும்.

அடுத்தது சாதனைகள். இவர் முதலில் எழுதிய வரி இது: ‘ஜி.எஸ்.டி. வேலையை முழு ஈடுபாட்டுடன் செய்து நிறுவனத்துக்கு 4 லட்சம் ரூபாய் மிச்சப்படுத்தினேன்.’ படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நிதித் தலைவர் கண்ணில் பட்டால் இந்த வரி நிற்காது.

நடந்தது என்னவென்றால், நிறுவனம் வாங்கும் வார்ப்பு, செம்புக் கம்பி, பேரிங் எல்லாவற்றுக்கும் ஜி.எஸ்.டி. கட்டுகிறது. அந்த வரியை, தான் விற்பனைக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் பொருள் கொடுத்தவர் தன் பில்லைத் தாக்கல் செய்திருந்தால்தான், மாதந்தோறும் 14-ஆம் தேதி வெளியாகும் ஜி.எஸ்.டி.ஆர்-2பி பட்டியலில் அது வரும். பட்டியலில் வராத பில்லுக்குக் கழிவு கிடையாது. அவ்வளவு ரூபாயை நிறுவனம் ரொக்கமாகக் கட்ட வேண்டியதுதான். முன்பெல்லாம் இந்தப் பட்டியலை ஆண்டு முடிவில், ஆடிட்டர் கேட்கும்போதுதான் சரிபார்த்தார்கள். இவர் அதை மாதந்தோறும் கொள்முதல் பதிவேட்டோடு ஒப்பிட ஆரம்பித்தார். தாக்கல் செய்யாமல் விட்ட சப்ளையர்களைப் போனில் விடாமல் பிடித்துச் செய்ய வைத்தார். இப்படி முடங்கிக் கிடந்த 4,10,000 ரூபாய் கழிவு வந்து சேர்ந்தது.

இதில் எல்லாமே மிச்சம் என்று சொல்ல முடியாது. பெரும்பகுதி தாமதமாகவாவது வந்திருக்கும். ஆனால் ஒரு நிதியாண்டின் பில்லுக்குக் கழிவு எடுக்க, அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30 வரைதான் பொதுவாகக் கெடு. முடங்கியிருந்த தொகையில் 1,35,000 ரூபாய் அந்தக் கெடுவை நெருங்கியிருந்தது. இவர் கண்டுபிடிக்காவிட்டால் அது போனது போனதுதான். எனவே எழுத வேண்டிய வரி இது: ‘முடங்கியிருந்த 4,10,000 ரூபாய் உள்ளீட்டு வரிக் கழிவு வந்து சேர்ந்தது, இதில் 1,35,000 ரூபாய் நவம்பர் 30-க்குப் பிறகு கிடைத்திருக்காது.’ தொகை சிறியதாகத் தெரியலாம். ஆனால் கணக்குத் தெரிந்தவர் யாரும் இதை மறுக்க முடியாது. ஒரு எண் மிகையென்று பட்டுவிட்டால் மற்ற எண்களையும் சந்தேகத்தோடுதான் படிப்பார்கள்.

எந்த வேலையானாலும் ஒரு சாதனையை எழுதும் முறை இதுதான்: முன்பு எப்படி இருந்தது, நான் என்ன செய்தேன், இப்போது எப்படி இருக்கிறது, எந்த ஆவணத்தில் பார்க்கலாம். இப்படி மூன்று போதும். எட்டு எழுதினால் நல்லது எது என்று படிப்பவருக்குத் தெரியாமல் போய்விடும்.

பதவி உயர்வுக்கு இது மட்டும் போதாது. இப்போதைய வேலையை நன்றாகச் செய்வது இன்கிரிமென்டுக்கான காரணம். அடுத்த பதவியின் வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதுதான் பதவி உயர்வுக்கான காரணம். இவர் புதிதாகச் சேர்ந்த இருவருக்கு வேலை கற்றுக் கொடுத்து, அவர்கள் போடும் பதிவுகளைச் சரிபார்க்கிறார். ஆடிட்டர் அலுவலகத்தோடு நேரடியாகப் பேசுகிறார். இரண்டும் சீனியர் செய்ய வேண்டியவை. இன்னொன்றும் இருக்கிறது. வருடாந்தர இன்கிரிமென்டுக்கு ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். அதைத் தாண்டிய உயர்வு பெரும்பாலும் பதவி மாற்றத்தின் வழியாகத்தான் வரும். அதனால் இவர் இரண்டையும் சேர்த்துக் கேட்பதே சரி.

அடுத்து, வெளியில் என்ன சம்பளம் என்ற கேள்வி. இங்கேதான் கணக்குப் பிசகுகிறது. அதே ஊரில் அதே அனுபவத்துக்கு வந்த ஒரு விளம்பரத்தில், சி.டி.சி. 5,40,000 ரூபாய் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 45,000. ‘எனக்கு 13,000 குறைத்துக் கொடுக்கிறார்கள்’ என்று தோன்றிவிடும். ஆனால் சி.டி.சி. என்பது நிறுவனத்துக்கு ஆகும் மொத்தச் செலவு. நிறுவனம் தன் பங்குக்குக் கட்டும் பி.எஃப். பணமும் அதில் சேர்ந்திருக்கும். 15,000 ரூபாய் வரம்பில் கட்டினால் அது மாதம் 1,800. கிராஜுவிட்டி என்று அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் ஒதுக்குவார்கள். அடிப்படை 20,000 என்றால் அது 962. வேலைத்திறனைப் பார்த்து ஆண்டு முடிவில் தரும் தொகை பத்து சதவீதம் என்றால், மாதக் கணக்கில் 4,500. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது சுமார் 37,700 ரூபாய். இதைத்தான் இவருடைய 32,000-த்தோடு ஒப்பிட வேண்டும்.

இதே முறையில் நான்கைந்து விளம்பரங்களைப் பார்க்கலாம். சென்னை, பெங்களூரு விளம்பரங்களை ஒதுக்கிவிட வேண்டும். வரம்பாகக் கொடுத்திருந்தால் மேல் எண்ணை நம்பாமல் நடுவை எடுத்துக்கொள்ள வேண்டும். இவர் கணக்கில் 36,000-க்கும் 39,000-க்கும் இடையே வந்தது, கேட்பது 38,000. ‘நல்ல உயர்வு’ என்று பொதுவாகக் கேட்டால், மேலே இருப்பவர் தன் வசதிக்கு ஒரு எண்ணைப் போட்டுக்கொள்வார். பக்கத்து மேஜைக்காரரின் சம்பளம், வீட்டுக் கடன், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் எதுவும் மெயிலில் வரக்கூடாது. வீட்டுச் செலவு எவ்வளவு உண்மையானாலும் அது வேலையின் விலையைத் தீர்மானிப்பதில்லை. பக்கத்து மேஜைக்காரரை இழுத்தால் பேச்சு அவரைப் பற்றியதாக மாறிவிடும்.

அலுவலகத்தில் இந்த மெயில் ஆங்கிலத்தில்தான் போகும். அதன் பொருள் தமிழில் இப்படி இருக்கும்:

‘பொருள்: சீனியர் எக்ஸிகியூட்டிவ் பதவி, சம்பளம் குறித்துப் பேச நேரம் வேண்டி

வணக்கம் சார். நேற்று நேரில் சொன்னபடி இதை எழுதுகிறேன். வரும் ஏப்ரல் முதல் என்னைச் சீனியர் எக்ஸிகியூட்டிவ் பதவிக்கும், மாதம் 38,000 ரூபாய் சம்பளத்துக்கும் பரிசீலிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று: 2பி ஒப்பீட்டை மாதந்தோறும் செய்ததில், முடங்கியிருந்த 4,10,000 ரூபாய் வரிக் கழிவு வந்து சேர்ந்தது. இதில் 1,35,000 ரூபாய் நவம்பர் 30-க்குப் பிறகு கிடைத்திருக்காது. விவரம் இணைப்பில் உள்ளது.
இரண்டு: மாதக் கணக்கு முடிப்பது 10-ஆம் தேதியிலிருந்து 5-ஆம் தேதிக்கு வந்திருக்கிறது.
மூன்று: புதிதாகச் சேர்ந்த இருவரின் பதிவுகளை நான் சரிபார்க்கிறேன், ஆடிட்டர் அலுவலகத்தின் கேள்விகளுக்கு நேரடியாகப் பதில் தருகிறேன்.

கோவையில் இதே பொறுப்புக்கும் அனுபவத்துக்கும் பி.எஃப்., கிராஜுவிட்டி, ஆண்டுத் தொகை நீங்கலாக 36,000 முதல் 39,000 ரூபாய் வரை தருவதாகத் தெரிகிறது.

அடுத்த வாரம் உங்களுக்கு வசதியான நாளில் இருபது நிமிடம் பேச விரும்புகிறேன். இந்த ஏப்ரலில் முழுவதுமாக இயலாது என்றால், நான் இன்னும் என்ன செய்ய வேண்டும், எப்போது மறுபடி பரிசீலிக்கலாம் என்று சொன்னால் உதவியாக இருக்கும். நன்றி.’

கேட்பது முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது; இரண்டாவது பத்தியைத் தாண்டாதவருக்கும் விஷயம் தெரிந்துவிடும். கடைசிப் பத்தியில் மிரட்டலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ‘இல்லாவிட்டால் நான் யோசிக்க வேண்டியிருக்கும்’ என்று எழுதினால், மேலாளர் ஃபார்வர்டு செய்யும்போது அந்த வரிக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். சங்கடப்பட்டு மெயிலை அப்படியே வைத்துவிடுவார். ‘தங்கள் கருணையை எதிர்பார்க்கும்’ என்று முடித்தால், மேலே எழுதிய கணக்கெல்லாம் சலுகை கேட்டதாகிவிடும். கையில் இல்லாத வேலையை இருப்பதாகச் சொல்வது இன்னும் ஆபத்து. ‘சரி, போய்ச் சேருங்கள்’ என்று சொல்லிவிட்டால் திரும்ப வழியில்லை.

மெயிலை மேலாளருக்கு மட்டும் அனுப்ப வேண்டும். மனிதவளப் பிரிவையோ முதலாளியையோ சி.சி.யில் போட்டால், அவரைத் தாண்டிப் போனதாக ஆகும். பத்து நாள் பதில் இல்லையென்றால், அதே மெயிலுக்குக் கீழே ‘எப்போது பேசலாம் சார்?’ என்று ஒரு வரி போதும்.

பேச்சு முடிந்த அன்றே இன்னொரு சிறு மெயில் அனுப்ப வேண்டும். உதாரணமாக, பதவி ஏப்ரலில், சம்பளம் இப்போது 35,500, மீதி அக்டோபரில் பார்க்கலாம் என்று மேலாளர் வாயால் சொல்லியிருப்பார். ‘இன்று பேசியதில் நான் புரிந்துகொண்டது’ என்று தொடங்கி அதையே மூன்று வரியில் எழுதி, ‘தவறிருந்தால் திருத்தவும்’ என்று கேட்க வேண்டும். அக்டோபருக்குள் அந்த மேலாளர் வேறு கிளைக்கு மாறிப் போகலாம். அவர் இடத்துக்கு வருபவருக்கு இந்தப் பேச்சு எதுவும் தெரிந்திருக்காது. அவரிடம் காட்ட அந்த மூன்று வரிதான் இருக்கும்.